ஒரே ஆலை, ஒரே வருஷம், இரண்டு லாபம்: அடக்கவிலைக் கணக்கையும் நிதிக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

கோயம்புத்தூர்ப் பக்கம் மோட்டார் பம்பு செய்யும் நடுத்தர ஆலை ஒன்றை வைத்துக்கொள்வோம். தொகைகள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. வருஷ முடிவில் அடக்கவிலைக் கணக்கு 12,40,000 ரூபாய் லாபம் என்கிறது. நிதிக் கணக்கு 11,91,000 ரூபாய் என்கிறது. விற்ற பம்பும் ஒன்று, வாங்கிய இரும்பும் ஒன்று. அப்படியிருந்தும் 49,000 ரூபாய் இடிக்கிறது.

இதைப் பார்த்ததும் எந்தக் கணக்கு தப்பு என்று கேட்பவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் இரண்டும் சரியாகவே இருக்கும், ஏனென்றால் இரண்டும் பதில் சொல்லும் கேள்விகள் வேறு. ஒரு பம்பு செய்து விற்க என்ன ஆனது, அதில் என்ன மிஞ்சியது என்பதற்கு அடக்கவிலைக் கணக்கு பதில் சொல்கிறது. முதலாளிக்கு இந்த வருஷம் எல்லா வழியிலும் சேர்த்து என்ன மிஞ்சியது என்பதற்கு நிதிக் கணக்கு பதில் சொல்கிறது. நடுவில் இருக்கும் 49,000 ரூபாயை ஒவ்வொரு ரூபாயாகப் பெயர் சொல்லிக் காட்டுவதுதான் சரிக்கட்டும் பட்டியலின் வேலை.

வட்டி: ஒரு கணக்கில் உண்டு, இன்னொன்றில் இல்லை

ஆலை வங்கியில் போட்டிருக்கும் வைப்புத்தொகைக்கு 72,000 ரூபாய் வட்டி வந்தது. நிதிக் கணக்கில் இது வருமானம். அடக்கவிலைக் கணக்கு இதைத் தொடுவதில்லை. பம்பு செய்ததால் வந்த பணம் இல்லையே. இதைச் சேர்த்தால், வைப்புத்தொகை அதிகம் வைத்திருக்கும் ஆலை மலிவாகப் பம்பு செய்வது போலத் தோன்றும், விலை நிர்ணயமும் அதைப் பின்பற்றித் தவறாகப் போகும். நிதி லாபம் இந்த 72,000-ஆல் கூடியிருப்பதால், அடக்கவிலை லாபத்தோடு கூட்டுகிறோம்.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. வங்கி 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக்கொண்டு 64,800 ரூபாயைத்தான் கணக்கில் வரவு வைக்கும். பாஸ்புத்தகத்தைப் பார்த்துப் பட்டியல் போடுபவர் 64,800 என்று எழுதிவிடுவார். லாப நட்டக் கணக்கிலோ முழு 72,000-உம் வருமானமாக இருக்கும், பிடித்த 7,200 வரி முன்பணமாக ஒதுக்கப்பட்டிருக்கும். கடைசியில் பட்டியல் 7,200 ரூபாய் குறைவாக நிற்கும். மிச்சமாக நிற்கும் வித்தியாசத்தை டிடிஎஸ் தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பல நேரம் அங்கேயே விடை கிடைத்துவிடும். பட்டியலுக்குத் தொகையை எடுக்க வேண்டிய இடம் லாப நட்டக் கணக்கு, வங்கி அறிக்கை இல்லை.

கடனுக்குக் கட்டிய வட்டி 1,10,000 ரூபாய் இதற்கு நேர் எதிர். நம் ஆலையில் அதுவும் நிதிக் கணக்கில் மட்டும்தான் இருக்கிறது, அதனால் கழிக்கிறோம். ஆனால் இது எல்லா ஆலைக்கும் பொருந்தாது. கட்டிய வட்டியை விற்பனை வரையிலான மொத்த அடக்கத்தில் சேர்க்கும் அடக்கவிலைப் புத்தகங்களும் உண்டு. அப்படிச் சேர்த்திருந்தால் அது இரண்டு பக்கமும் இருக்கிறது, பட்டியலில் அதற்கு இடமே இல்லை. பரீட்சைக் கணக்கில் பழகிய கை "வட்டி என்றால் கழி" என்று தானாக எழுதிவிடும். முதலில் அடக்கவிலைப் பேரேட்டைத் திறந்து பார்க்க வேண்டும்.

பழைய லேத் மெஷினை விற்றதில் வந்த 28,000 ரூபாய் நட்டமும் வட்டியைப் போலத்தான்: நிதிக் கணக்கில் மட்டும் இருக்கிறது, கழிக்கிறோம்.

கட்டாத வாடகை, பிடிபடாத மேற்செலவு

ஆலைக்குச் சொந்தமான முன்கட்டடத்தில் விற்பனைக் கூடம் நடக்கிறது. வாடகை யாருக்கும் கொடுப்பதில்லை. ஆனாலும் அந்த இடத்தை வெளியே விட்டிருந்தால் என்ன வந்திருக்கும் என்று பார்த்து, அடக்கவிலைக் கணக்கு 60,000 ரூபாயைச் செலவாக எழுதியிருக்கிறது. நிதிக் கணக்கு, கொடுக்காத பணத்தைச் செலவாக ஏற்காது. அதனால் 60,000-ஐக் கூட்டுகிறோம். இந்த வாடகை விற்பனை மேற்செலவில் போனதால் சிக்கல் இதோடு முடிந்தது. இதையே உற்பத்திக் கூடத்துக்குப் போட்டிருந்தால், வாடகையின் ஒரு பகுதி விற்காத பம்புகளின் மதிப்பிலும் ஏறி உட்கார்ந்திருக்கும், சரக்கிருப்பு வித்தியாசமும் சேர்ந்து மாறியிருக்கும்.

ஆலை மேற்செலவில் அடக்கவிலைக் கணக்கு முன்கூட்டியே ஒரு விகிதம் வைத்து 6,20,000 ரூபாய் ஏற்றியது. நிஜத்தில் ஆனது 6,45,000. குறைவாக ஏற்றிய 25,000-ஐக் கழிக்க வேண்டும். ஒரு நிபந்தனை: அடக்கவிலைப் புத்தகமே வருஷக் கடைசியில் இந்த 25,000-ஐத் தன் லாப நட்டக் கணக்குக்கு மாற்றியிருந்தால், அது 12,40,000-இலேயே கழிந்துவிட்டது. மறுபடி கழித்தால் இரண்டு தடவை ஆகும்.

சரக்கிருப்பு: அதிகம் குழப்புவது இதுதான்

வருஷக் கடைசியில் 80 பம்புகள் விற்காமல் இருக்கின்றன. ஒரு பம்பின் உற்பத்தி அடக்கம் 6,000 ரூபாய். அடக்கவிலைக் கணக்குக்கு வேலை அதோடு முடிந்தது: 4,80,000.

நிதிக் கணக்கு அப்படி விடாது. கணக்கியல் தரநிலை 2-இன்படி, அடக்கம், விற்றால் கையில் நிற்கும் நிகரத் தொகை இரண்டில் எது குறைவோ அதில்தான் சரக்கை மதிப்பிட வேண்டும். 80 பம்புகளில் 20 பழைய மாடல். அவற்றை 5,000 ரூபாய்க்குத்தான் தள்ள முடியும், கமிஷனும் வண்டி வாடகையும் 500 ஆகும். ஆக பம்புக்கு 4,500. மற்ற 60 பம்புகள் 3,60,000, இந்த இருபதும் 90,000, மொத்தம் 4,50,000. வித்தியாசம் 30,000.

இறுதிச் சரக்கிருப்பு குறைந்தால் விற்ற சரக்கின் அடக்கம் கூடும், லாபம் குறையும். அதனால் 30,000-ஐக் கழிக்கிறோம்.

தொடக்கச் சரக்கிருப்பில் திசை திரும்பிவிடும். வருஷ ஆரம்பத்தில் 50 பம்புகள் இருந்தன. அடக்கவிலைக் கணக்கில் 3,00,000. அவற்றில் 8 அந்தப் பழைய மாடல், நிதிக் கணக்கில் அவையும் 4,500-தான், ஆக மொத்தம் 2,88,000. தொடக்கச் சரக்கு செலவுப் பக்கம் வருவது. நிதிக் கணக்கு 12,000 குறைவாகச் செலவு எழுதியிருக்கிறது என்றால் அதன் லாபம் 12,000 கூடுதல். இதைக் கூட்டுகிறோம்.

"தொடக்கமா, இறுதியா, கூட்டலா, கழித்தலா" என்று நான்கு விதிகளை மனப்பாடம் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிதிக் கணக்கில் இந்த உருப்படி லாபத்தை ஏற்றியதா, இறக்கியதா என்று ஒரே கேள்வி கேட்டால் போதும்.

| விவரம் | ரூபாய் |
|---|---|
| அடக்கவிலைக் கணக்கின்படி லாபம் | 12,40,000 |
| கூட்டு: வந்த வட்டி | 72,000 |
| கூட்டு: கட்டாத வாடகை | 60,000 |
| கூட்டு: தொடக்கச் சரக்கிருப்பு வித்தியாசம் | 12,000 |
| கழி: கட்டிய வட்டி | 1,10,000 |
| கழி: லேத் விற்ற நட்டம் | 28,000 |
| கழி: குறைவாக ஏற்றிய மேற்செலவு | 25,000 |
| கழி: இறுதிச் சரக்கிருப்பு வித்தியாசம் | 30,000 |
| நிதிக் கணக்கின்படி லாபம் | 11,91,000 |

எந்த முனையிலிருந்து தொடங்குவது?

நிதி லாபத்தில் தொடங்கி அடக்கவிலை லாபத்துக்கும் போகலாம், எல்லாக் குறியும் தலைகீழாகும், அவ்வளவுதான். இரண்டில் அடக்கவிலை லாபத்தில் தொடங்குவதையே நான் தேர்ந்தெடுப்பேன். மேலே சொன்ன ஒரே கேள்வி அப்போதுதான் நேராகப் பொருந்தும். அடக்கவிலைத் தணிக்கை கட்டாயமான நிறுவனங்களுக்கு 2014-ஆம் ஆண்டு விதிகள் தந்திருக்கும் சிஆர்ஏ-3 படிவத்தின் லாபச் சரிக்கட்டும் பகுதியும் அந்த வரிசையில்தான் போகிறது.

குறியை மாற்றிப் போட்டால் பிழை அந்த உருப்படியைப் போல இரண்டு மடங்காக நிற்கும். ஆகவே பட்டியல் இடித்தால் வித்தியாசத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். 24,000 நின்றால் தொடக்கச் சரக்கிருப்பின் 12,000 மேல் சந்தேகப்படலாம். ஆனால் இந்தச் சோதனை தீர்ப்பு ஆகாது. நம் ஆலையில் 60,000 இடித்தால், இறுதிச் சரக்கிருப்பின் 30,000 தப்பான பக்கம் போயிருக்கலாம், வாடகை 60,000 விட்டுப்போயும் இருக்கலாம். எந்தப் பக்கம் இடிக்கிறது என்றும் பார்க்க வேண்டும். பட்டியல் 60,000 அதிகமாக வந்தால் சரக்கிருப்பு, குறைவாக வந்தால் வாடகை.

தனித்தனிப் புத்தகமா, ஒரே புத்தகமா?

இவ்வளவு பாடு எதற்கு, இரண்டையும் ஒரே பேரேட்டில் வைத்தால் சரிக்கட்டவே வேண்டாமே என்ற வாதம் நியாயமானது. ஒருங்கிணைந்த கணக்கில் லாபம் ஒன்றே ஒன்றுதான். ஒரே மாதிரிப் பொருள் செய்யும், ஒரு கணக்காளர் மட்டும் இருக்கும் சின்னப் பட்டறைக்கு அதுதான் சரி.

பல மாடல்கள் செய்து, மாடல் வாரியாக விலை சொல்ல வேண்டிய ஆலைக்கு நான் தனிப் புத்தகத்தையே சொல்வேன். கட்டாத வாடகை மாதிரி உருப்படிகளுக்கு ஒரே பேரேட்டில் இடம் இருக்காது, விலை போடும்போது சொந்தக் கட்டடம் இனாம் என்று ஆகிவிடும். இன்னொரு காரணம், அந்த 30,000 ரூபாய். பட்டியலில் தனி வரியாக நிற்பதால்தான், தொடக்கத்தில் 8 ஆக இருந்த பழைய மாடல் 20 ஆகியிருப்பது கண்ணில் படுகிறது. இனி விலை போகாத மாடலை ஆலை தொடர்ந்து செய்கிறதா என்று உற்பத்திப் பிரிவிடம் கேட்க இது போதுமான ஆதாரம்.

தனிப் புத்தகம் வைப்பவர்கள் வருஷத்துக்கு வருஷம் கவனிக்க வேண்டியதும் அதே வரிதான். வட்டியும் லேத் நட்டமும் இந்த வருஷத்தோடு போய்விடும். சரக்கிருப்பு வித்தியாசம் போகாது. இந்த வருஷம் கழித்த 30,000 அடுத்த வருஷப் பட்டியலில் தொடக்கச் சரக்கிருப்பு வித்தியாசமாக, அதே தொகையில், கூட்டல் பக்கம் வந்து நிற்க வேண்டும். வரவில்லை என்றால், அடுத்த வருஷம் உள்ளே வேறு எதையும் தேடுவதற்கு முன், மார்ச் 31 இருப்பு ஏப்ரல் 1-க்கு இரண்டு புத்தகத்திலும் மாறாமல் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.