எவர்சில்வர் மொத்தக் கடைக்குக் கேட்டலாக்: அச்சா, வாட்ஸ்அப்பா, பிடிஎஃப்பா?

பாரிமுனையில் எவர்சில்வர் பாத்திரத்தை மொத்தமாக விற்கிறோம். செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கத்துக் கடைக்காரர்கள் இப்போதெல்லாம் முதலில் கேட்பது "படமும் ரேட்டும் அனுப்புங்கண்ணே" என்பதுதான். அதற்கு எங்களுக்கு மூன்று வழிகள் இருந்தன: மல்டிகலர் புத்தகம், வாட்ஸ்அப் பிசினஸில் உள்ள கேட்டலாக், கூகுள் ஷீட்டிலிருந்து எடுக்கும் பிடிஎஃப். நாங்கள் பிடிஎஃப் பக்கம் போனோம்.

புத்தகம் கையில் எடுத்தால் அழகுதான். ஆனால் ஆஃப்செட்டில் பிளேட் செலவு முதலிலேயே விழுந்துவிடும். நிறையப் பிரதிகள் அடித்தால்தான் ஒன்றின் அடக்கம் இறங்கும். அத்தனை பிரதியிலும் விலையை அச்சடித்துவிட்டு, அடுத்த மாதம் கிலோ ரேட் மாறினால் என்ன செய்வது?

வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக்குக்குச் செலவில்லை. 500 பொருள் வரை போடலாம், ஒவ்வொன்றுக்கும் படம், விலை, கோட் எல்லாம் உண்டு. நாம் திருத்தினால் பார்ப்பவருக்கும் புது விலைதான் தெரியும், பழைய பிரதி ஊரில் சுற்றாது. இது உண்மையிலேயே பெரிய வசதி. ஆனால் போனில் ஒவ்வொரு பொருளாகத் திறந்து விலையை மாற்ற வேண்டும். அப்புறம், எல்லோருக்கும் ஒரே விலைதான் தெரியும். கடைக்காரருக்குக் கொடுக்கும் ரேட்டை அவருடைய வாடிக்கையாளரே பார்த்துவிட்டால் அவர் நம்மிடம் திரும்ப வர மாட்டார். சில்லறை மட்டும் செய்பவர்களுக்கு இதுவே போதும்.

எங்கள் தொழிலில் முடிவைத் தீர்மானிப்பது விலையைத் திருத்தும் வேலைதான். பெரும்பாலான பாத்திரங்களுக்குத் தனி விலை கிடையாது. எடையும் கிலோ ரேட்டும்தான் விலை. எடை மாறாது, ரேட் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் ஷீட்டில் கோட், படம், பெயர், கிராமில் எடை, விலை என்று ஐந்து காலம் போட்டோம். கிலோ ரேட் H1 என்ற ஒரே கட்டத்தில் இருக்கிறது. விலைக் காலத்தில் இந்த ஃபார்முலா:

```
=ROUND(D2/1000*$H$1,0)
```

420 கிராம் தூக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கிலோ 300 ரூபாய் என்றால் விலை 126. ரேட் 320 ஆனால் H1-ஐ மட்டும் மாற்றினால் போதும், தூக்கு 134 ஆகிவிடும், மற்றவையும் கூடவே மாறும். கனமான கேஜுக்கு ரேட் வேறு என்பதால் அதற்குத் தனி ஷீட். டிபன் கேரியர் மாதிரி பீஸ் ரேட்டில் போகும் சரக்குக்கு விலையைக் கையால்தான் அடிக்க வேண்டும். அந்த வரிகளுக்கு மஞ்சள் நிறம் போட்டு வைத்தால் மறந்துபோகாது.

எடையை ஒரே பீஸை வைத்து எழுதக் கூடாது. பத்துப் பீஸைச் சேர்த்துத் தராசில் வைத்துப் பத்தால் வகுங்கள். புது லாட் வந்ததும் மறுபடி நிறுத்துப் பாருங்கள். தகடு மெலிந்திருந்தால் பில்லில் வரும் தொகை கேட்டலாக் விலையைவிடத் தொடர்ந்து குறைவாக வரும், அதுதான் அடையாளம். "பில் அசல் எடைப்படி" என்ற வரி ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கட்டும்.

விலையை ஜிஎஸ்டி இல்லாமல் போடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் எவர்சில்வர் பாத்திரத்துக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. அதே 126 ரூபாய் தூக்கு வரியோடு 141 ரூபாய் 12 காசிலிருந்து 132 ரூபாய் 30 காசுக்கு வந்தது. வரி சேர்த்துப் போட்ட லிஸ்ட் எல்லாம் அன்றைக்கே செல்லாமல் போனது. "வரி தனி" என்று போட்ட லிஸ்டில் ஓர் எண்ணைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

பிடிஎஃப்பின் பலவீனம், பழையது அழியாது என்பது. ஃபார்வர்டு ஆகிக்கொண்டே இருக்கும், போன மாத ரேட்டைச் சொல்லி ஆர்டர் வரும். அதற்கு ஃபைல் பெயரிலும் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தேதியைப் போடுகிறோம், "இந்தத் தேதி வரை" என்றும் எழுதுகிறோம். இதோடு இன்னொரு ஏற்பாடும் உண்டு. படம், கோட், எடை மட்டும் உள்ள பிடிஎஃப் ஒன்று, கோடும் விலையும் மட்டும் உள்ள ஒரே பக்க ரேட் ஷீட் ஒன்று. முதலாவதைக் கடைக்காரர் தன் வாடிக்கையாளரிடம் தயங்காமல் காட்டலாம், நம் ரேட் வெளியே போகாது. ரேட் மாறும்போது அந்த ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பினால் போதும். படம் உள்ள பிடிஎஃப்பில் ஒரு பக்கத்துக்கு ஆறு பொருளுக்கு மேல் போடாதீர்கள், போனில் எழுத்து தெரியாது.

எங்களிடம் இருப்பது இருநூறு சொச்சம் உருப்படிதான். ஆயிரக்கணக்கில் சரக்கு வைத்திருப்பவர்களுக்கு, படங்களோடு ஷீட் எவ்வளவு வேகமாகத் திறக்கும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. போனே பார்க்காத பழைய வாடிக்கையாளர்களுக்காகப் புத்தகம் வேண்டுமென்றால் அந்த முதல் பிடிஎஃப்பையே அச்சுக்குக் கொடுத்துவிடலாம். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக வர வேண்டும். ரேட் ஷீட்டை ஜெராக்ஸ் எடுத்து உள்ளே செருகிக் கொடுத்தால் சரி.