வீட்டுக் கடனுக்கு முன்னாடி ஜாதகப் பலன் எழுதி வாங்கப் போறவங்க கவனத்துக்கு

கேளம்பாக்கம் பக்கம் 60 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் பார்த்து வச்சிருந்தோம். பேங்க் லோன் போடலாமா, இன்னும் ரெண்டு வருஷம் வாடகையிலயே ஓட்டலாமான்னு குழப்பம். மாமியார் சொன்னாங்கன்னு, ஃபோன்ல பேசாம எழுத்துலயே பலன் தர்ற ஒரு ஜோசியர்கிட்ட ரெண்டு பேர் ஜாதகத்தையும் அனுப்பினோம். 3,500 ரூபாய். பிடிஎஃப் பார்க்க அழகா இருந்துச்சு, பிள்ளையார் படம் எல்லாம் போட்டு.

ஜோசியத்தை நம்பலாமா கூடாதாங்கிற விவாதம் எனக்கு வேண்டாம். அந்தக் கணக்குப்படியே அது தப்பு.

நான் ஐப்பசியில பிறந்தவ, துலாம் லக்னம், சூரியனும் லக்னத்துலயே. அவர் எழுதினது: "ஏழாமிடத்து புதன் வீடு தருவார்." புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல விலகவே விலகாது. சூரியன் துலாம்னா புதன் கன்னி, துலாம், விருச்சிகம், இந்த மூணுல ஒண்ணுலதான் இருக்கணும். மேஷத்துக்கு எப்படிப் போச்சு? வேற யாருக்கோ எழுதினதை ஒட்டியிருக்காரு, அவ்வளவுதான்.

அடுத்தது கெடு. வீட்டுக்காரருக்கு சனி தசை. "செவ்வாய் புக்தி 3 வருஷம், பூமிகாரகன் காலம், ஆனா முதல் மாசத்துக்குள்ள அட்வான்ஸ் கொடுத்துடணும்"னு இருந்துச்சு. புக்தி கணக்கு சின்ன வாய்ப்பாடுதான்: தசை வருஷத்தை புக்தி வருஷத்தால பெருக்கி 120ஆல வகுக்கணும். சனிக்கு 19, செவ்வாய்க்கு 7. 133ஐ 120ஆல வகுத்தா 1 வருஷம் 1 மாசம் 9 நாள். சனி தசையில மூணு வருஷத்தைத் தாண்டுற புக்தி சுக்கிரனோடதும் சனியோடதும்தான்.

அந்த அவசரம் எதுக்குன்னு கடைசிப் பக்கத்துல புரிஞ்சுது. "கிழக்கு வாசல், மூணாவது மாடி, ஏரியை ஒட்டின அடுக்ககம்" உங்களுக்கு ராசின்னு போட்டு, கீழ ஒரு நம்பர். கூப்பிட்டா, வேற ஒரு பில்டரோட சேல்ஸ் ஆளு! விலை அதே 60 லட்சம். உடனே 9 லட்சம் கட்டினா விலை குறைப்பாராம், ஒப்பந்தம் அப்புறமாம். ரெரா சட்டம் 13ஆம் பிரிவுப்படி, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணாம 10 சதவீதத்துக்கு மேல வாங்கவே கூடாது. இங்க அது 6 லட்சம். இதைச் சொன்னதும் ஆளு "மேனேஜர்கிட்ட கேட்டுச் சொல்றேன் மேடம்"னு வச்சவர்தான்.

நாங்க கேட்ட கேள்விக்கு, அதாவது கடன் இப்போ தாங்குமான்னு, ஆறாமிடத்தைப் பத்தி ஒரு வரி கூட அதுல இல்லை. கடனுக்கு முதல்ல பார்க்கிற இடமே அதுதான்!

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். "ஏழரை நடக்குது, அதான் சந்தேகம் வருது, 11,000க்கு ஒரு பரிகாரம் இருக்கு"ன்னாரு. வீட்டுக்காரருக்கு ஏழரை முடிஞ்சு ரொம்ப நாளாச்சு. எந்தப் பஞ்சாங்கம், வாக்கியமா திருக்கணிதமான்னு கேட்டேன். பிளாக் பண்ணிட்டாரு.

எழுத்துல வாங்குறவங்க, ராசிக் கட்டமும் தசை இருப்பும் பலனோட சேர்த்து வருமான்னு பணம் கட்டுறதுக்கு முன்னாடியே கேளுங்க. எங்களுக்கு வந்ததுல கட்டமே இல்லை.