ஒரே ஸ்கூட்டர், ஒரே விபத்து: இன்சூரன்ஸ் இல்லாமல், தேர்ட் பார்ட்டியோடு, பேக்கேஜ் பாலிசியோடு

பதினான்கு வருடமாக மோட்டார் விபத்து வழக்குகளை எடுத்து நடத்தும் ஒரு வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கிறேன். வண்டிக்கு இன்சூரன்ஸ் எடுக்காதவர்களிடம் காரணம் கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "பிடிச்சா ரெண்டாயிரம் கட்டிட்டுப் போறேன்." அந்தக் கணக்கு எங்கே தப்பாகிறது என்பதை, ஒரே விபத்தை மூன்று விதமான வண்டிகளில் வைத்துப் பார்த்தால் புரிந்துவிடும்.

அபராதத்தை முதலில் முடித்துவிடுவோம். மோட்டார் வாகனச் சட்டம் 146-ஆம் பிரிவுப்படி தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாத வண்டி ரோட்டில் ஓடக் கூடாது. ஓடினால் 196-ஆம் பிரிவு. முதல் முறை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அடுத்த முறை அபராதம் 4,000. நடைமுறையில் பெரும்பாலும் அபராதத்தோடு விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் மக்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரிகிறது. அரசாங்கத்துக்குக் கட்டும் பணம் அவ்வளவுதான், உண்மை. ஆனால் அடிபட்ட மனிதருக்குக் கட்ட வேண்டிய பணம் இதில் சேரவே இல்லை.

இப்போது விபத்தைப் பார்ப்போம். கணக்குக்காக ஓர் உதாரணம். 110 சிசி ஸ்கூட்டர், காலை எட்டரை மணி, வேலைக்கு நடந்து போய்க்கொண்டிருக்கும் 38 வயது கொத்தனார் ஒருவர் மேல் மோதிவிடுகிறது. வலது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிவு, பிளேட் வைத்து ஆபரேஷன், ஆறு மாதம் வேலை இல்லை. அதன் பிறகும் முட்டி முழுதாக மடங்கவில்லை, சாரத்தில் ஏற முடியாது.

விபத்து நஷ்டஈட்டு மனுக்களை விசாரிக்கும் டிரிப்யூனல் இதை எப்படிக் கணக்குப் போடும்? மாத வருமானம் 15,000 என்று எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வயதுக்குள் சொந்தமாகத் தொழில் செய்பவர் என்பதால் எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்ப்பார்கள். ஆக 21,000. வருடத்துக்கு 2,52,000. இந்த வருட வருமானத்தை வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள், 36 முதல் 40 வயதுவரை அது 15. இந்த எண்ணை 2009-இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வயதுவாரியாக வகுத்துக் கொடுத்தது. பெருக்கினால் 37,80,000. அவர் வேலைத் திறனில் 40 சதவீதம் போய்விட்டது என்று டிரிப்யூனல் முடிவு செய்தால், அந்தத் தலைப்பில் மட்டும் 15,12,000 ரூபாய். ஆஸ்பத்திரிச் செலவு 2,80,000, ஆறு மாத வருமான இழப்பு 90,000, வலி வேதனைக்கு ஒரு லட்சம், கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கும் போக்குவரத்துக்கும் 50,000. கூட்டினால் 20,32,000 ரூபாய். மனுப் போட்ட தேதியிலிருந்து ஏழரை சதவீதம் வட்டி கொடுத்து, தீர்ப்பு வர மூன்று வருடம் ஆனால் இன்னும் 4,57,200. மொத்தம் 24,89,200.

இந்தப் பணத்தை யார் கட்டுவது? மூன்று வண்டிகளுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் மூன்றுக்கும் பொது. எஃப்.ஐ.ஆர். போடுவார்கள், பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்ப்பார், அஜாக்கிரதையாக ஓட்டிக் காயப்படுத்தியதற்கான குற்ற வழக்கு ஓட்டியவர் மேல் நடக்கும். எந்த பாலிசியும் குற்ற வழக்கிலிருந்து காப்பாற்றாது. இதைச் சொல்லக் காரணம், இன்சூரன்ஸ் இருந்தால் கேஸே வராது என்று நம்பி வருகிறவர்களும் உண்டு.

தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் உள்ள வண்டி என்றால், அந்த 24 லட்சத்துச் சொச்சத்தை கம்பெனி கட்டும். உயிரிழப்புக்கும் உடல் காயத்துக்கும் இதில் உச்ச வரம்பு கிடையாது. கம்பெனி வக்கீலே வழக்கை நடத்துவார். 2022 ஜூனில் அறிவித்த கட்டணப்படி 75-க்கு மேல் 150 சிசி வரையிலான இருசக்கர வாகனத்துக்கு இதன் ஒரு வருட பிரீமியம் 714 ரூபாய், வரியோடு சுமார் 843. அபராதத்தில் பாதிகூட இல்லை.

பாலிசியே இல்லாத வண்டி என்றால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரும் ஓட்டியவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று தீர்ப்பு வரும். முழுத் தொகையையும் யாராவது ஒருவரிடமே வசூலிக்கலாம் என்று அதற்கு அர்த்தம். மச்சானுக்கு வண்டியை இரவல் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவருக்கும் நோட்டீஸ் வரும். வண்டியை விற்றுவிட்டுப் பெயர் மாற்றாமல் விட்டவருக்கும் வரும். 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். கை மாறி மாறிப் போன வண்டியை யார் வைத்திருக்கிறார் என்று அடிபட்டவர் தேடி அலைய வேண்டியதில்லை.

அப்புறம் வண்டி. இன்சூரன்ஸ் உள்ள வண்டியை சோதனை முடிந்ததும் மனுப் போட்டு மீட்டுக்கொண்டு போகலாம். இல்லாத வண்டியை மீட்க, நஷ்டஈட்டுக்கு ஈடாகப் போதுமான பிணை கட்ட வேண்டும். கட்டாவிட்டால் மூன்று மாதம் கழித்து மாஜிஸ்திரேட் ஏலம் விட்டு, அந்தப் பணத்தை டிரிப்யூனலில் செலுத்த வேண்டும் என்று 2018-இல் உஷா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. ஸ்டேஷன் பின்பக்கம் வெயிலில் கிடந்து சீட் கிழிந்த ஒரு ஸ்கூட்டர் என்ன விலைக்குப் போகும்? இருபது லட்சத்தில் அது ஒரு துளி.

மீதியை வசூலிக்க அடிபட்டவர் நிறைவேற்று மனுப் போடுவார், நாங்கள் இ.பி. என்போம். சம்பளக்காரர் என்றால் சம்பளத்தில் முதல் ஆயிரம் போக மீதியில் மூன்றில் ஒரு பங்கை ஜப்தி செய்யலாம். வீடு, மனை இருந்தால் அதன் மேல் ஜப்தி வரும். டிரிப்யூனல் சான்று கொடுத்தால் கலெக்டர் நிலவரி பாக்கியைப் போல வசூலிப்பார். வண்டி உரிமையாளர் இறந்துவிட்டாலும் வழக்கு சாகாது, அவர் விட்டுப்போன சொத்தின் மேல் தொடரும்.

இந்த இடத்தில் எனக்கு வருத்தமாக இருப்பது வண்டிக்காரரை நினைத்து மட்டுமல்ல. எதிரே சொத்தும் இல்லாத, பாலிசியும் இல்லாத ஆள் என்றால் இருபது லட்சத்துக்குத் தீர்ப்பு கையில் இருக்கும், பணம் வராது. அப்படி ஒரு கொத்தனாரின் மனைவி இரண்டு வருடம் மாதாமாதம் எங்கள் ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு முறையும் தீர்ப்பு நகலைப் பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். "இதுல எழுதியிருக்கே சார், அப்புறம் ஏன் தரமாட்டேங்கறாங்க?" என்று கேட்பார். அவருக்குக் கடைசிவரை வந்தது முப்பத்தி எட்டாயிரம்.

அதனால்தான் பலர் ஸ்டேஷனிலேயே பேசி முடிக்கப் பார்க்கிறார்கள். ஐம்பதாயிரமோ எழுபதாயிரமோ கொடுத்து வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அந்தத் தாள் பிறகு மனுப் போடுவதைத் தடுக்காது. கொடுத்த பணத்துக்கு ரசீதோ வங்கிக் கணக்கோ இல்லாவிட்டால் கழித்துக்கொள்ளச் சொல்லவும் வழி இல்லை. பேசி முடிப்பதே நல்லது என்று நினைத்தால் மனுப் போட்ட பிறகு லோக் அதாலத்தில் முடிப்பதுதான் இரண்டு பக்கத்துக்கும் பாதுகாப்பு, அங்கே எழுதுவது கோர்ட் தீர்ப்புக்குச் சமம்.

சரி, தேர்ட் பார்ட்டி போதுமா, பேக்கேஜ் எடுக்க வேண்டுமா? பேக்கேஜ், அதாவது ஃபுல் கவர் என்றால் சொந்த வண்டியின் சேதத்துக்கும் திருட்டுக்கும் பணம் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். பழைய வண்டிக்கு அது தேவையா என்று தயங்குவதும் நியாயம்தான். ஆனால் பலருக்குத் தெரியாதது பின் சீட் விஷயம். மேலே சொன்ன விபத்தில் பின்னால் மனைவி உட்கார்ந்திருந்து, அவருக்கும் கை உடைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியில் அவர் மூன்றாம் நபராகக் கணக்கில் வர மாட்டார். 2006-இல் திலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. பேக்கேஜ் பாலிசி என்றால் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் கம்பெனி பொறுப்பு. தினமும் மனைவியையோ பிள்ளையையோ பின்னால் வைத்துக்கொண்டு போகிறவருக்கு, வண்டி எவ்வளவு பழசாக இருந்தாலும் நான் பேக்கேஜைத்தான் சொல்வேன். ஓட்டுபவர் தனக்குத் தானே மோதிக்கொண்டு விழுந்தால் இரண்டு பாலிசியிலும் அவர் மூன்றாம் நபர் இல்லை. அதற்கு 15 லட்சத்துக்கான தனிநபர் விபத்துக் காப்பு சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பாலிசி இருந்தும் இல்லாத மாதிரி ஆகும் ஒரு நிலையும் உண்டு. ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை என்று வையுங்கள். பெரும்பாலும் டிரிப்யூனல் கம்பெனியை முதலில் கட்டச் சொல்லி, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளச் சொல்லும். அடிபட்டவருக்குப் பணம் வந்துவிடும், உரிமையாளருக்குக் கடன் அப்படியே நிற்கும். பாலிசி இல்லாத வண்டியில் இந்த முதல் பாதிகூட நடக்காது.

வேண்டுமென்றே எடுக்காதவர்களைவிட, முடிந்தது தெரியாமல் ஓட்டுபவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். 2018 செப்டம்பரிலிருந்து புது இருசக்கர வாகனம் வாங்கும்போதே ஐந்து வருடத்துக்குத் தேர்ட் பார்ட்டி போட்டுவிடுகிறார்கள், காருக்கு மூன்று வருடம். அந்த ஐந்து வருடத்தில் யாரும் ஞாபகப்படுத்தாததால் ஆறாவது வருடம் பாலிசி இல்லாமலே வண்டி ஓடிக்கொண்டிருக்கும். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் இன்சூரன்ஸ் எந்தத் தேதிவரை என்று தெரிந்துவிடும்.

விபத்து நடந்த பிறகு, ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டே போனில் பாலிசி எடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். பாலிசியின் முதல் பக்கத்தில் காப்பு எந்தத் தேதி, எத்தனை மணி எத்தனை நிமிடத்திலிருந்து என்று அச்சாகியிருக்கும். காலை 11.42 என்று அதில் இருக்கும். எஃப்.ஐ.ஆரில் விபத்து நேரம் 8.30 என்று இருக்கும். கம்பெனி வக்கீல் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீதிபதியிடம் காட்டுவார்.