ஷாட் லிஸ்ட்டா, ஃப்ளோர் பிளானா, போட்டோ போர்டா? ஒரே சீனை வைத்து ஓர் அலசல்

ஸ்கிரிப்ட் முடிந்துவிட்டது. கையில் ஆறேழு நண்பர்கள், ஒரு கேமரா, ஒரு ஞாயிற்றுக்கிழமை. யாருக்கும் சம்பளம் கிடையாது, அசிஸ்டென்ட் டைரக்டர் என்று தனியாக ஒருவரும் கிடையாது. இந்த நிலையில் ஸ்கிரிப்ட்டை எந்த வடிவத்துக்கு மாற்றி எடுத்துப் போவது? வழக்கமாகப் பேசப்படும் வழிகள் நான்கு: எக்செல் ஷாட் லிஸ்ட், கையால் வரைந்த ஸ்டோரிபோர்டு, மேலிருந்து பார்க்கிற ஃப்ளோர் பிளான், லொகேஷனில் செல்போனில் எடுக்கும் போட்டோ போர்டு. நான்கையும் ஒரே சீனில் வைத்துப் பார்ப்போம்.

சீன் இதுதான். மாலை நேரம், பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹால். அப்பா கிழக்குச் சுவரோரம் தரையில் உட்கார்ந்து டேபிள் ஃபேனைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். மகன் மேற்கு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நிற்கிறான். தெற்குச் சுவரில் இருக்கும் அடுக்களை வாசல் வழியாக அம்மா காபியோடு வருகிறாள். "வேலைய விட்டுட்டேன்பா" என்கிறான். அப்பா கையிலிருந்த ஸ்க்ரூ விழுந்து உருண்டு அவன் காலடியில் நிற்கிறது. எடுத்துக் கொடுக்கிறான். அவ்வளவுதான், ஒன்றரைப் பக்கம்.

எல்லோரும் முதலில் திறப்பது எக்செல். எட்டு ஷாட் என்று வைத்துக்கொள்ளுங்கள்: சீன் முழுவதையும் தள்ளி நின்று பிடிக்கும் மாஸ்டர், அப்பா தோளுக்குப் பின்னாலிருந்து மகன் மேல் சஜஷன், மகன் தோளுக்குப் பின்னாலிருந்து அப்பா மேல் சஜஷன், அம்மா நுழைவது, மகன் குளோஸ், அப்பா குளோஸ், ஸ்க்ரூ உருள்வது, கை மாறுவது. படிக்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் "மகன், மிட்" என்று எழுதினால் கேமரா எங்கே நிற்கிறது என்று அதில் இல்லை. அன்று காலையில்தான் வந்து சேரும் கேமராமேனுக்கு ஒவ்வொரு வரியையும் வாயால் விளக்க வேண்டியிருக்கும். கதை வரிசைப்படியே எடுக்கப் போனால் மகன் பக்கம், அப்பா பக்கம் என்று கேமராவும் லைட்டும் மாறி மாறி நகரும். இந்தச் சீனுக்கு ஐந்து நகர்வு. இடம் வாரியாக அடுக்கினால் மூன்றே நகர்வு. சின்ன டீமுக்கு லைட்டோடு திசை மாற்ற அரைமணி நேரம் ஆகும் என்று கொண்டால், மிச்சம் ஒரு மணி நேரம்.

அந்த இடம் வாரி வரிசையைத் தருவது ஃப்ளோர் பிளான்தான். அதை வரைய ஓவியம் தெரிய வேண்டாம். ஒரு ஏ4 தாளில் அறையை ஒரு கட்டமாகப் போட்டு, வாசல்களைக் குறித்து, ஆட்களை வட்டமாகவும் அவர்கள் பார்க்கும் திசையை மூக்குக் கோடாகவும் போட்டால் போதும். அப்பாவையும் மகனையும் இணைத்து ஒரு கோடு இழுங்கள். எல்லாக் கேமராவும் அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். தெற்குப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் மகன் எப்போதும் ஃப்ரேமில் இடமிருந்து வலமாகப் பார்ப்பான், அப்பா வலமிருந்து இடமாகப் பார்ப்பார். ஒரு ஷாட் கோட்டைத் தாண்டினாலும், வெட்டி ஒட்டும்போது இருவரும் ஒரே திசையைப் பார்ப்பதுபோல் ஆகிவிடும்.

இந்தச் சீனில் பிளான் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கிறது. அறை சின்னது என்பதால் மாஸ்டருக்குத் தூரம் கிடைப்பது அடுக்களை வாசலில்தான். அம்மா நுழைவதும் அதே வாசல்! எக்செல்லில் இது தெரியாது. அழகாக வரைந்த ஸ்டோரிபோர்டிலும் தெரியாது, ஏனென்றால் ஃப்ரேமுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று அது சொல்வதில்லை. வழி என்ன? மாஸ்டரில் அம்மா கேமராவை உரசியபடி முதுகு காட்டி ஃப்ரேமுக்குள் போகட்டும். முகத்தை அப்பாவின் இடது தோளுக்குப் பின்னாலிருந்து, மகன் ஷாட்டுகள் எடுக்கும் அதே இடத்திலிருந்து எடுக்கலாம். இதைத் தாளிலேயே முடிவு செய்தால் ஐந்து நிமிடம் போகும். ஸ்பாட்டில் செய்தால் எட்டுப் பேர் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

கையால் வரைவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, சின்ன டீமுக்குச் சொல்கிறேன். வீட்டில் உட்கார்ந்து வரையும்போது சுவர் குறுக்கே வராது. 50 எம்.எம். லென்ஸை ஏ.பி.எஸ்.-சி கேமராவில் மாட்டி, பத்தடி தள்ளி நின்றால், 16:9 ஃப்ரேமின் உயரத்தில் அடங்குவது சுமார் இரண்டரை அடிதான். அதாவது இடுப்புக்கு மேல். நிற்கும் ஆளை முழுசாகக் காட்ட இருபது அடிக்கு மேல் பின்னால் போக வேண்டும். அந்த ஹாலில் அவ்வளவு இடமே இல்லை. வரைந்த படத்தில் மகன் தலை முதல் கால் வரை நிற்பான், ஸ்பாட்டில் நிற்க மாட்டான்.

அங்கேதான் போட்டோ போர்டு முந்துகிறது. இரண்டு நண்பர்களை நிற்க வைத்து, பிளானில் குறித்த இடங்களிலிருந்து செல்போனில் எடுத்துவிடலாம். ஆனால் அதிலும் ஓர் ஏமாற்று உண்டு. பெரும்பாலான போன்களின் 1x மிகவும் வைட். ஏ.பி.எஸ்.-சி கேமராவில் 16 எம்.எம். போட்டதற்குக் கிட்டத்தட்டச் சமம். அறை விசாலமாகத் தெரிந்து ஏமாந்து போவோம். 50 எம்.எம். லென்ஸில் எடுக்கப் போகிறீர்கள் என்றால் 3x வைத்துப் பாருங்கள், ஃப்ரேமையும் 16:9 ஆக்கிக்கொள்ளுங்கள். படம் மங்கினாலும் கவலையில்லை, அளவுதான் வேண்டும். ஷூட்டிங் நடக்கும் அதே நேரத்தில் போய் எடுப்பது முக்கியம். மேற்கு வாசல் என்பதால் மாலையில் வெயில் மகனுக்குப் பின்னாலிருந்து அடித்து முகம் கறுத்துவிடும். போட்டோவில் அது தெரிந்துவிட்டால், அப்பா பக்கத்து ஷாட்டுகளை முதலில் முடித்து, வெயில் எதிர்வீட்டு மொட்டைமாடிக்குப் பின்னால் இறங்கியதும் மகன் பக்கம் திருப்பலாம்.

அப்போ பென்சிலுக்கு வேலையே இல்லையா? உண்டு, ஸ்க்ரூவுக்கு. விழுவது, உருள்வது, நிற்பது என்று ஒரே ஷாட்டுக்குள் அசைவு இருக்கும்போது ஒற்றை போட்டோ பயன்படாது. மூன்று குட்டிக் கட்டம், ஓர் அம்புக்குறி. குச்சி மனிதன் கால் போதும். எட்டில் அந்த ஒரு ஷாட்டை மட்டும் வரைவேன்.

ஆக என் வரிசை: முதலில் பிளான், பிறகு போட்டோ, கடைசியில்தான் எக்செல். அப்போது அதில் எழுத விஷயம் இருக்கும். கேமரா இடத்துக்கு அ, ஆ, இ, ஈ என்று ஒரு பத்தி போட்டு அதை வைத்தே அடுக்குங்கள். இன்னொரு பத்தி, எந்த வசனம் முதல் எந்த வசனம் வரை என்பது. அது இல்லையென்றால் ஒவ்வொரு கோணத்திலும் நடிகர்கள் சீனை முழுசாக நடித்துக்கொண்டே இருப்பார்கள்.

ஸ்பாட்டுக்குப் போகும் முன் ஒரு சோதனை. ஸ்கிரிப்ட் பிரின்ட்டில், ஒவ்வொரு ஷாட்டும் எந்த வசனம் முதல் எந்த வசனம் வரை ஓடுகிறதோ அந்த அளவுக்கு மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுங்கள். எட்டு ஷாட்டுக்கு எட்டுக் கோடு. எந்த வசனத்தின் மேல் ஒரே ஒரு கோடு போகிறதோ, அங்கே அந்த டேக் சொதப்பினால் வெட்டித் தப்பிக்க வேறு ஷாட் இல்லை. "வேலைய விட்டுட்டேன்பா" மேல் குறைந்தது மூன்று கோடாவது போக வேண்டும். அம்மா காபி டம்ளரைக் கீழே வைக்கும் இடத்தில் நாலு கோடு போனால், நேரம் போய்விட்டால் முதலில் கைவிட வேண்டிய ஷாட் அதில் ஒன்று. அதற்கு நேரே எக்செல்லில் 'இருந்தா நல்லது' என்று எழுதிவிடுங்கள். ஆறு மணிக்கு வாதம் பண்ண வேண்டியிருக்காது.