தலவாக்கலையில் பிரித்துத் தைத்த ஃபோல்

சென்ற முறை ஊருக்கு வந்தபோது, டொரொண்டோ திரும்பும் அவசரத்தில், ஒரு பருத்திச் சேலைக்கு நகரத்துக் கடையொன்றில், கீழ்க்கரையின் உட்புறம் ஃபோலும் முனைகளில் இழை பிரியாதிருக்க பிக்கோவும் அடித்துக்கொண்டு போனேன். முதல் துவையலிலேயே கீழ்க்கரை சுருங்கி, கொசுவம் முன்பக்கத்தில் தூக்கிக்கொண்டு நின்றது. இம்முறை அதே சேலையை இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கு அருகே தோட்டத்து வீட்டில் தையல் செய்யும் ஓர் அக்காவிடம் கொடுத்தேன்.

அவர் கரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தவுடனேயே, "ஃபோல நனைக்காமலே தச்சிருக்காங்க, தங்கச்சி" என்றார். ஃபோல் என்பது ஏறக்குறைய இரண்டரை மீற்றர் நீளமும் ஐந்து அங்குல அகலமும் கொண்ட பருத்தித் துணிதான்; முன்கூட்டியே நனைத்துச் சுருங்கவிடாவிட்டால், தைத்த பிறகு அது சுருங்கும்போது சேலையையும் சேர்த்து இழுத்துவிடும். பழைய தையலைப் பிரித்துவிட்டு, புதிய ஃபோலை ஓரிரவு நீரில் ஊறவைத்தார். மழையும் பனிமூட்டமும் விடாததால், அது காய்ந்து இஸ்திரிக்கு வர இரண்டு நாள் ஆயிற்று. அந்தத் தாமதத்தை நான் மனமாரப் பொறுத்துக்கொண்டேன்.

இடுப்பில் செருகும் முனையிலிருந்து ஒரு சாண் விட்டு, சேலையின் உட்புறத்தில் ஃபோலைப் பொருத்தினார்; முதல் சுற்றும் கொசுவமும் விழும் பகுதி அதுதான். ஃபோலின் விளிம்பு வெளியே எட்டிப்பார்க்காதபடி, சேலைக் கரையிலிருந்து ஒரு நூலளவு உள்ளே தள்ளி வைத்தார். நடுவில் முதல் ஊசியைக் குத்தி, அங்கிருந்து இரு பக்கமும் சாணுக்கு ஓர் ஊசியாகக் குத்திக்கொண்டு போனார். துணி மேசை விளிம்பிலிருந்து தொங்கினால் அதன் பாரமே கரையை இழுக்கும் என்பதால், முழுச் சேலையையும் மேசைமேலேயே மடித்து வைத்திருந்தார். ஃபோல் இறுகினால் கரை சுருங்கும், சேலை இறுகினால் ஃபோல் கீழே பை போலத் தொங்கும் என்று அவர் விளக்கியபோதுதான் என் சேலைக்கு நேர்ந்தது முழுதாகப் புரிந்தது.

கீழ் விளிம்பில் மெஷின் தையல் ஓடியது. மேல் விளிம்பை மட்டும் கையால் தைத்தார். ஒவ்வொரு தையலிலும் சேலையின் ஓரிரு இழைகளை மட்டுமே ஊசி தூக்கியதால், முன்பக்கத்தில் ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. சாணுக்கொரு முறை அதே இடத்தில் இரண்டு தையல் போட்டார். மெட்டி சிக்கி நூல் அறுந்தாலும், அவிழ்வது அந்தச் சாணோடு நின்றுவிடும்.

பிக்கோவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஓர் இழையை உருவி, அந்தக் கோட்டில் முனையை நேராக வெட்டி, மெஷினின் நூல் இறுக்கத்தைத் தளர்த்திய பிறகே அடித்தார். இறுக்கம் கூடினால் விளிம்பு அலையலையாக நெளியும்.

வீட்டில் சேலையைத் துவைத்து, காய்ந்ததும் தரையில் விரித்துப் பார்த்தேன். கரை ஒரே கோடாகக் கிடந்தது. மறுநாளே என் பட்டுச் சேலையையும் அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.