லேபிள் தச்சு மூணு வருஷம்: ஆன்லைன்ல துண்டு வித்த அனுபவம்

கரூர்ல இருந்து குளியல் துண்டு, ஒரு பெரிய ஆன்லைன் சைட்ல வித்துட்டு வர்றேன். முதல் வருஷம் பிராண்டுன்னு கேட்ட இடத்துல ஜெனரிக்னு போட்டுட்டு விட்டுட்டேன், துண்டுக்கு எதுக்குடா பேருன்னு ஒரு நெனப்பு.

திடீர்னு ஒரே வாரத்துல நாலஞ்சு ஒத்த ஸ்டார், எல்லாம் "மெல்லிசா இருக்கு"ன்னு. பார்த்தா நான் எடுத்த போட்டோ, நான் எழுதின விவரம், ஆனா அதே லிஸ்டிங்ல இன்னொருத்தர் முப்பது ரூபா கம்மியா ஒட்டிக்கிட்டு விக்கிறாரு. ஆர்டர் அவருக்கு, திட்டு என் லிஸ்டிங்குக்கு. நானே ஒண்ணு ஆர்டர் போட்டு தராசுல வச்சேன். 75க்கு 150 செ.மீ. துண்டு, 450 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 450 கிராம்னா 506 கிராம் வரணும், வந்தது 370 தான், அதாவது 330 ஜிஎஸ்எம் கிட்ட. ஆனா பேரே இல்லாத துண்டுல எது என்னோடதுன்னு எப்படி நிரூபிக்கிறது?

அப்புறம்தான் டிரேட்மார்க். முதல்ல ஊர் பேரோட சாஃப்ட்னு சேர்த்து போட்டேன், ஊரையும் தரத்தையும் சொல்ற பேருன்னு டிரேட்மார்க் சட்டம் பிரிவு 9ல ஆட்சேபணை வந்துச்சு. அர்த்தமே இல்லாத ஒரு பேரை உருவாக்கி மறுபடி போட்டேன், துணிக்கு வகுப்பு 24, தனி நபருக்கு ஆன்லைன்ல 4500 ரூபா. டிரேட்மார்க் ஜர்னல்ல வந்தப்புறம் யாராவது எதிர்க்கிறாங்களான்னு நாலு மாசம் காத்திருக்கணும். பதிவாகுற வரைக்கும் டிஎம்னுதான் போடலாம், வட்டத்துக்குள்ள ஆர் போடக் கூடாது.

பேரை பார்டர் ஓரத்துல நெய்த லேபிளா தச்சேன், முதல் போட்டோவுலயே லேபிள் தெரியிற மாதிரி வச்சேன். இப்ப லேபிள் இல்லாத துண்டு வந்தா படத்தோட புகார் குடுக்க முடியுது, ஒட்டினவரையும் தூக்கிட்டாங்க. ஆனா என்கிட்ட மொத்த விலைக்கு சரக்கு வாங்கின கடைக்காரர் அதையே அந்த சைட்ல போட்டப்ப ஒண்ணும் பண்ண முடியல, அது அசல் சரக்காச்சே. அதனால ஆன்லைனுக்கு மட்டும் ஒரு பார்டர் கலர், மூணு துண்டு செட், மொத்த வியாபாரத்துல அது கிடையாது.

வாங்குறவங்க நம்பர் நமக்கு வராது. பார்சல்ல என் வெப்சைட் போட்ட கார்டு வச்சதுக்கு அக்கவுண்ட்டுக்கு எச்சரிக்கை வந்துச்சு, அதோட நிறுத்திட்டேன். துவைக்கும் முறை லேபிள்ல பேரை பெருசா போட்டேன், அது துண்டு கிழியிற வரைக்கும் பாத்ரூம்ல தொங்குமே.

பலன் தேடல் ரிப்போர்ட்ல தெரியுது, எங்க பேரையே அடிச்சு வர்றாங்க, பாதிப் பேரு ஸ்பெல்லிங் தப்பா. ஆனா எங்க பேரைத் தேடினாலும் மேல ரெண்டு விளம்பரம் வேற ஆளோடது. அதுக்கு மேல வரணும்னா நம்ம பேருக்கே நாம காசு கட்டணும், கட்டிட்டுத்தான் இருக்கேன்.