ஏழு நாள் சராசரியும் ஸ்மூத்திங்கும்: மாவுக் கடையில் நான்கு வருடம்

ரொட்டிக் கடை வைத்திருக்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "நாளைக்கு எவ்வளவு போகும்னு எப்படிக் கணக்குப் போடுறீங்க?" வாயால் சொன்னதில் பாதி திட்டாகத்தான் வந்தது. அதனால் பொறுமையாக எழுதுகிறேன்.

மதுரையில் எங்களுக்கு இட்லி மாவுக் கடை. இன்று ஊறப்போடுவதுதான் நாளை விற்பனை. கூடினால் புளித்துப் போகும், குறைந்தால் வாடிக்கையாளர் அடுத்த தெருக் கடைக்குப் போவார். முதல் இரண்டு வருடம் ஏழு நாள் நகரும் சராசரி, அடுத்த இரண்டு வருடம் எக்ஸ்பொனென்ஷியல் ஸ்மூத்திங். B பத்தியில் அன்றைய விற்பனை, C பத்தியில் அன்றைக்குப் போட்டிருந்த கணிப்பு என்றால், மறுநாள் கணிப்புக்கான சூத்திரங்கள் இவைதான்:

```
=AVERAGE(B2:B8)
=C8+0.25*(B8-C8)
```

0.25 என்பதுதான் ஆல்ஃபா, அதாவது கணிப்பு தவறிய அளவில் எவ்வளவு பங்கை மறுநாள் கணிப்பில் சேர்ப்பது என்ற எண். ஏழு நாளுக்கு ஈடான ஆல்ஃபா 2/(7+1). இரண்டிலும் தகவலின் சராசரி வயது, அதாவது கணக்கில் சேரும் விற்பனை எண்கள் சராசரியாக எவ்வளவு பழையவை என்பது, மூன்று நாள்தான், ஆகவே ஒப்பீடு நியாயமானது.

சராசரி மேல் எனக்கு இருக்கும் கோபம் ஒரே ஒரு விஷயத்தால். தினம் 100 பாக்கெட் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முகூர்த்த நாளில் கல்யாண வீட்டுக்காரர் கூடுதலாக 70 வாங்கிப் போகிறார். மறுநாளிலிருந்து ஏழு நாளுக்குக் கணிப்பு 110 என்றே நிற்கும். எட்டாம் நாள் சட்டென்று 100. அன்றைக்குக் கடையில் எதுவுமே நடந்திருக்காது. அந்தப் பழைய 170 ஏழு நாள் வரம்பை விட்டு வெளியேறியது, அவ்வளவுதான். கிரைண்டர் பார்க்கும் தம்பி, "நேத்தும் எப்பவும் போலத்தானே போச்சு, இன்னிக்கு ஏண்ணே குறைக்கச் சொல்றீங்க?" என்றான். போன வாரக் கல்யாணத்தைக் காரணம் காட்ட எனக்கே வெட்கமாக இருந்தது.

ஸ்மூத்திங்கில் இந்தக் கூத்து இல்லை. கணிப்பு மறுநாள் 117.5, அப்புறம் 113, 110, 107 என்று தானாகக் கரையும். எட்டாம் நாள் 102. பழைய நாட்களைச் சுமக்கவும் வேண்டாம். நேற்றைய கணிப்பு என்ற ஒரே எண் போதும். 1950களில் ராபர்ட் பிரவுன் என்பவர் அமெரிக்கக் கடற்படையின் உதிரிபாகக் கையிருப்புக்கு இதைப் பயன்படுத்தியபோது, ஒரு பொருளுக்கு அத்தனை எண்களைச் சேமிக்கத் தேவையில்லை என்பதே பெரிய லாபம். எனக்கும் அப்படித்தான். நோட்டைத் தொலைத்துவிட்டாலும் அந்த ஒரு எண் மனதில் இருக்கும்.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். அந்த 70 பாக்கெட்டால் வரும் மிகைக் கணிப்பை நாள்வாரியாகக் கூட்டிப் பாருங்கள். சராசரியில் ஏழு பத்து எழுபது. ஸ்மூத்திங்கில் 17.5, 13, 10 என்று கடைசிவரை கூட்டினாலும் அதே எழுபது. மாவு அதே அளவுதான் வீணாகும். ஒன்று தவணையில் வாங்குகிறது, மற்றொன்று முதல் மூன்று நாளிலேயே பெரும்பங்கைப் பிடுங்குகிறது.

இன்னொரு அடி வாங்கியதையும் சொல்லியாக வேண்டும். எங்களுக்கு வாரநாட்களில் 90, சனி 120, ஞாயிறு 130, சராசரி 100. ஏழு நாள் சராசரியில் எந்த நாள் பார்த்தாலும் ஒரு சனியும் ஒரு ஞாயிறும் உள்ளே இருக்கும், அதனால் அது 100ஐ விட்டு அசையாது. ஸ்மூத்திங்குக்கு நேற்றுதான் பெரிய ஆள். ஞாயிறு இரவு 108 என்று சொல்லும், திங்கள் போவதோ 90. வெள்ளி இரவு 94 என்று சொல்லும், சனிக்கு வேண்டியதோ 120. எப்போது கூட்ட வேண்டுமோ அப்போது குறைக்கச் சொல்கிறது! முதல் மாதம் சனிக்கிழமை மாலைகளில் மாவில்லாமல் நின்றபோது எனக்கு இது பிடிபடவில்லை. வாரநாளுக்கு 0.9, சனிக்கு 1.2, ஞாயிறுக்கு 1.3 என்று வைத்து, விற்பனையை முதலில் அதால் வகுத்து ஸ்மூத்திங் செய்கிறேன். கணிப்பை மறுபடி அந்தந்த நாளின் எண்ணால் பெருக்குகிறேன். அதற்கப்புறம்தான் கடை நிம்மதியாக ஓடுகிறது.

கல்யாண ஆர்டர்களையும் இப்போது தனி நோட்டில் எழுதுகிறேன், தினசரிக் கணக்கில் சேர்ப்பதில்லை. முன்கூட்டியே தெரிந்த ஆர்டருக்குக் கணிப்பு எதற்கு? இதைச் செய்தபின் சராசரியின் எட்டாம் நாள் கோளாறும் பெரும்பாலும் போய்விட்டிருக்கும். அதாவது நான் மாறியதற்குச் சொன்ன முக்கியக் காரணமே இப்போது இல்லை.

நண்பரிடம் எந்தக் கிழமைக்கு எவ்வளவு என்ற பழைய கணக்கு இல்லை. அவருக்கு ஏழு நாள் சராசரியையே சொன்னேன். ஆறு நாளோ எட்டு நாளோ வைக்கக் கூடாது, ஏழுதான். ஞாயிறு தூக்கலை அதில் தனியாகக் கூட்டிக்கொள்ளட்டும். நான் மட்டும் திரும்பப் போவதில்லை. அந்தத் தம்பி கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.